இருபது நிமிடத்தில் செத்துப்போகும் கடிதம்

எங்கள் கந்தோர்க் குசினியின் யன்னலைத் திறந்தால் துறைமுகத்துக்குப் போகிற வீதி தெரியும். வீதிக்கு அந்தப் பக்கம் நீளமான தகரக் களஞ்சியம் ஒன்று. அதற்குள் கொட்டில்களுக்குக் கூரையாகப் போடுகிற நீல நிறத் தறப்பாள்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. கதவு திறந்து கிடக்கிற வேளைகளில் நான் அரிசி களைந்துகொண்டே அவற்றைப் பார்ப்பேன். நடந்து போனால் நூறடி இராது. ஆனால் அவற்றை எடுப்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டும் என்றார்கள். கடதாசிக் கடிதம் இல்லை, கொம்பியூட்டருக்குள் வருகிற கடிதம். அந்தக் கடிதத்துக்காக மூளையுள்ளவர்கள் என்று சம்பளம் வாங்கிய மனிதர்கள் இரண்டு நாள் ஆடிய கூத்தைத்தான் எழுதப்போகிறேன்.

சண்டையின் கடைசி வருசங்கள் அவை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்தக் கந்தோரில் சமைத்து, தேத்தண்ணீர் ஊற்றி, கூட்டித் துடைக்கிற வேலை. கந்தோர் என்றால், இடம்பெயர்ந்து வந்த சனங்களுக்கு நிவாரணம் கொடுக்கிற ஒரு நிறுவனத்தின் கிளை. தலைமைக் கந்தோர் கொழும்பில். எங்களிடம் இருந்தவர்கள் ஒரு பொறுப்பாளர், கணக்கு எழுதுகிற ஒருவர், லொறிச் சாரதி, கொம்பியூட்டரில் அடிக்கிற ஒரு பிள்ளை, நான். பொறுப்பாளரை எல்லாரும் சேர் என்போம். பெயரைச் சொன்னால் கோபிப்பார். எனக்கு அவரோடு கதைக்கவே வாய் வராது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். அதனால் அவர் என்னை ஊமை மாதிரி நினைத்திருந்தார். ஊமைக்கு முன்னால் மனிதர் எதையும் மறைக்க மாட்டார்கள். ஆகவே நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாம்பல்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வளவில் நூற்று நாற்பது குடும்பங்கள் முகாமில் இருந்தன. அதில் என் தங்கச்சியின் குடும்பமும் ஒன்று. அவளும் புருசனும் மூன்று பிள்ளைகளும். குடாவுக்கு அந்தப் பக்கம் இருந்து வெறுங்கையோடு வந்தவர்கள். முதல் வருசம் கொடுத்த தறப்பாள் வெயிலில் வெந்து, அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. மாரி தொடங்கிவிட்டது. போகும்போதெல்லாம் தங்கச்சி கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, உங்கட கந்தோரில தறப்பாள் எப்ப குடுப்பினம்?" என்பதுதான். நான் ஒவ்வொரு நாளும் அதை யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

களஞ்சியத்தில் கிடந்த தறப்பாள் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்துடையது. முன்பென்றால் சேர் ஒரு கடிதம் எழுதி, சீல் குத்தி, சாரதியிடம் கொடுத்தால் லொறி நிறைய வந்துவிடும். அந்த வருசம் அவர்கள் புதுமை செய்தார்கள். கடதாசி வேண்டாமாம். அவர்களுடைய இணையத்தளத்துக்குள் போய்க் கேட்க வேண்டுமாம். உள்ளே போகக் கடவுச்சொல்லும் கிடையாது. கந்தோரின் ஈமெயில் முகவரியை அடித்து ஒரு பொத்தானை அமத்தினால், அந்த முகவரிக்கு ஒரு கடிதம் வரும். கடிதத்துக்குள் ஒரு லிங்க் இருக்கும். அதை அமத்தினால் கதவு திறக்கும். அந்த லிங்குக்கு இருபது நிமிடந்தான் உயிர். ஒரு தரம் அமத்தினாலும் உயிர் போய்விடும். வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குள் கேட்காதவர்களுக்குத் தறப்பாள் இல்லை, மிச்சம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். இவ்வளவும் எனக்கு அந்தப் பிள்ளை சொல்லித் தெரியும். கூரையில்லாத சனத்துக்குத் தறப்பாள் கொடுக்க இப்படியொரு வழியைக் கண்டுபிடித்தவன், மழையைப் படத்தில்தான் பார்த்திருப்பான்.

பிள்ளைக்கு இருபத்திமூன்று, இருபத்திநான்கு வயதிருக்கும். மெல்லிய குரல், ஆனால் கண் கூர்மை. என்னை அன்ரி என்பாள். "நான் செய்யட்டோ சேர்?" என்று புதன்கிழமை காலை எட்டரைக்கே கேட்டாள்.

"தேவையில்லை. இது பொறுப்பான வேலை" என்றார் சேர். தன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பிளேன்ரீயைக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்பது மணிக்குப் பொத்தானை அமத்தினார். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

ஐந்து நிமிடம் பொறுத்தார். அவருக்கு ஐந்து நிமிடம் என்பது பெரிய தவம். பிறகு இன்னொரு தரம் அமத்தினார். பிறகு இன்னொரு தரம்.

"சேர், கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றாள் பிள்ளை.

"உமக்கென்ன விசரே? இவங்களுக்கு நாலு தரம் கேட்டால்தான் உறைக்கும். நான் கச்சேரியில வேலை எடுத்த ஆள். எனக்குப் படிப்பிக்காதேயும்."

கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் அப்படித்தான் வேலை எடுத்தார், அது உண்மை. ஒரே கடிதத்தை நாலு தரம் அனுப்புவார், நாலு தரம் தொலைபேசி எடுப்பார், கடைசியில் அலுத்துப்போய் அவர்களும் செய்து கொடுப்பார்கள். கொம்பியூட்டருக்கும் அலுக்கும் என்று நினைத்தார்.

ஒன்பதே காலுக்கு, "வந்திட்டுது!" என்று கத்தினார். கடிதம் வந்திருந்தது. ஆர்வமாக அமத்தினார். இந்த லிங்க் இனிச் செல்லாது, புதிதாகக் கேளுங்கள் என்று திரை சொன்னது. அவர் மேசையில் கையால் அடித்தார். நான் மேசைக் கோப்பையை எடுத்துக்கொண்டேன். அவருடைய கோபத்தில் ஏற்கெனவே இரண்டு கோப்பை உடைந்திருக்கிறது, கூட்டுவது நான்.

"ஆரோ எனக்கு முதல் இதை அமத்திப் போட்டினம். நீர் தொட்டனீரோ?"

"நான் தொடேல்லை சேர். நான் உங்களுக்குப் பின்னால நிக்கிறன்."

"அப்ப எப்பிடி இருபது நிமிசத்துக்கு முதல் செத்தது?"

பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கேட்கவில்லை, மறுபடி அமத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கடிதம் வந்தது. அதுவும் செத்தது. மூன்றாவதும் செத்தது. அதற்குப் பிறகு கடிதம் வருவதே நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. பதினொரு தரமோ பன்னிரண்டு தரமோ அமத்தியிருப்பார். மத்தியானம் பன்னிரண்டுக்கு இணையத்தளமே அவரைப் பூட்டிவிட்டது. அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டீர்கள், இனி இருபத்துநான்கு மணித்தியாலம் கழித்து வாருங்கள் என்று எழுதியிருந்ததாம்.

"பாத்தீரே, வெள்ளைக்காரன்ர திமிரை!" என்றார்.

நான் குசினிக்குள் வந்து பருப்பை இறக்கினேன். யன்னலால் பார்த்தேன். களஞ்சிய வாசலில், பட்டணத்துக்குள் திரிகிற மான்களில் இரண்டு நின்று, ஆரோ எறிந்த வாழைத்தோலைத் தின்றுகொண்டிருந்தன. எங்கள் ஊர் மான்களுக்கு ஆமிக்காரன் மறித்துச் சோதிக்கிற சென்றியும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. அவை நினைத்தால் அந்தத் தறப்பாளுக்கு மேல் ஏறிப் படுக்கலாம்.

பின்னேரம் பிள்ளை என்னிடம் வந்து, அடுப்படிப் பலகையில் உட்கார்ந்து, நடந்ததை விளக்கினாள். எங்களுக்கு வருகிற ஈமெயில் எல்லாம் நேராக வருவதில்லை. கொழும்புத் தலைமைக் கந்தோரில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கண்ட குப்பைக் கடிதங்கள் வராமல் அது மறிக்கும்.

"சென்றி மாதிரி எண்டு வையுங்கோ அன்ரி. தெரியாத ஆள் ஒருத்தர் முதல் தரம் வந்தால், 'இப்ப விடேலாது, கொஞ்சம் கழிச்சு வா' எண்டு திருப்பி அனுப்பும். ஒழுங்கான ஆளெண்டால் திரும்பி வருவான். களவாணி திரும்பி வரமாட்டான். அதான் அதின்ர யோசனை."

"அப்ப இந்தக் கடிதம் திரும்பி வந்ததுதானே பிள்ளை?"

"ஓம். கால் மணித்தியாலத்தில திரும்பி வந்தது. இன்னும் அஞ்சு நிமிசம் உயிரிருந்திருக்கும். ஆனால் புதுசா ஒண்டு கேட்டவுடன பழசு செத்துப் போகும். இவர்தான் அதுக்குள்ள இன்னும் ரெண்டு மூண்டு கேட்டிட்டாரே. வாறதெல்லாம் பிணம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தங்கச்சியின் நினைப்பு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு தரம் வந்த ஆளை ரெண்டாம் தரம் விடாதோ அந்தச் சென்றி? எங்கட சென்றியில நிக்கிற பெடியனே நாலு நாளில முகம் பழகி விட்டிடுவான்."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை அன்ரி" என்றாள்.

"உன்ர சொந்த ஈமெயிலுக்கு அனுப்பச் சொன்னால் என்ன?"

"பதிஞ்ச முகவரிக்குத்தான் அனுப்புவினம். மாத்திறதெண்டால் கடிதம் எழுதிப் பத்து நாள் காத்திருக்க வேணும்."

அதே நேரம் சேர் தன் அறையிலிருந்து கொழும்புக்குத் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசிகள் அந்த நாட்களில் அடிக்கடி வேலை செய்யாது. தரைத் தொலைபேசியும் இரைச்சல். அதனால் அவர் கத்தியது வீதிக்கும் கேட்டிருக்கும். வடிகட்டியை முழுதாக நிற்பாட்டு என்றார். அங்கே இருந்த கொம்பியூட்டர்க்காரன் ஏலாது என்றான், அவன் சொன்னது சரிதான். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் வைரஸ் வந்து முழுக் கந்தோரும் படுத்துவிடுமாம். அப்படியென்றால் இந்த நிறுவனத்தின் பெயரை அனுமதிப் பட்டியலில் போடு என்றார் சேர். அவன் போட்டான். எதையும் தேடிப் பார்க்காமல், "இங்க ஒண்டும் மறிக்கேல்லை, எல்லாம் சரி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டான். சேர் வெளியில் வந்து கைகளைத் தட்டினார்.

"முடிஞ்சுது. நாளைக்குப் பன்னிரண்டு அடிக்க நான் அமத்துறன். சும்மா கடகடவெண்டு அமத்துறன், எப்பிடி வராமல் போகுது பாப்பம்."

பிள்ளை அடிக்கிற வேலைக்குத் திரும்பினாள். அவரை மறுத்துக் கதைத்தால் அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார். அது எல்லாருக்கும் தெரியும்.

அன்றிரவு மழை பெய்தது.

மறுநாள் காலை நான் உளுந்து வடை சுட்டேன். எங்கள் கந்தோரில் ஒரு வழக்கம் இருந்தது. சேர் நீளக் கடிதங்களைத் திரையில் வாசிக்க மாட்டார். கண் நோகுமாம். காலையில் பிள்ளை கந்தோருக்கு வந்த ஈமெயில் எல்லாவற்றையும், தான் வாசிக்காமல், அச்சடித்து ஒரு கோவையில் வைக்க வேண்டும். அவர் வாசித்துவிட்டு, தேவையில்லாததைக் கசக்கிக் கூடையில் போடுவார். கூடைக் கடதாசி குசினிக்கு வரும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், வடையின் எண்ணெய் வடிய நல்லது. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே மாதிரித் தலைப்போடு ஒரு கடிதம் வரும். அதை அவர் வாசித்ததே கிடையாது. "குப்பை வந்திருக்கெண்டு சொல்லுறதுக்கும் ஒரு குப்பை" என்று சொல்லி முதல் ஆளாகக் கூடையில் போடுவார். இரண்டு வருசமாக நான் அந்தத் தாளில்தான் வடை வைத்தேன். எனக்கு அதில் ஒரு எழுத்தும் விளங்காது, எல்லாம் இங்கிலீசு.

அன்றும் அதில்தான் இரண்டு வடையை வைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தேன். அவள் ஒன்றைக் கடித்தாள். கடித்த வாய் அப்படியே நின்றது.

"என்ன பிள்ளை, கல்லுக் கில்லு கடிபட்டதோ?"

"அன்ரி, இது எங்கால எடுத்தனீங்கள்?"

"சேர்ர கூடையில. ஒவ்வொரு நாளும் வாறதுதானே."

அவள் வடையை என் கையில் தந்துவிட்டு, தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அது குப்பை இல்லை. வடிகட்டி முதல் நாள் மறித்து வைத்திருக்கிற கடிதங்களின் பட்டியல். இன்னார் அனுப்பியது, இத்தனை மணிக்கு, வேண்டுமானால் விடுவித்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் சேரிடமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நேற்று வராமல் நின்ற கடிதங்கள் எட்டும் வரிசையாக அதில் இருந்தன. ஒரே மாதிரிக் கடிதம் ஒரே முகவரிக்கு இடைவிடாமல் வருகிறதைக் கண்டு, இது குப்பைதான் என்று வடிகட்டி பிடித்து அடைத்துவிட்டது. கடகடவென்று அமத்தியதன் பலன்.

"இஞ்ச பாருங்கோ அன்ரி, அனுப்பின ஆளின்ர பேர். இது அந்த நிறுவனத்தின்ர பேரில்லை."

கடிதத்தின் முகப்பில் அந்த உதவி நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. ஆனால் கடிதத்தைச் சுமந்துகொண்டு வந்தது வேறொரு கொம்பனி. கடிதம் காவுவதே அவர்களுக்குத் தொழில். ஒவ்வொரு கடிதத்துக்கும் பெயரின் முன்பாதி வேறு வேறாக இருந்தது, பின்பாதி மட்டும் ஒன்று. சுமந்து வருகிற இயந்திரமும் ஒவ்வொரு தரமும் வேறாம். அதனால்தான் வடிகட்டிக்கு ஒவ்வொன்றும் புது ஆளாகத் தெரிந்திருக்கிறது. முகம் பழகவே இல்லை. சேர் நேற்று அனுமதிக்கச் சொன்னது முகப்பில் இருந்த பெயரை. அந்தப் பெயரில் சென்றிக்கு ஒருவரும் வரவே இல்லை.

பிள்ளை தாளைத் தூக்கிக்கொண்டு சேரிடம் ஓடினாள். நல்லது செய்யப் போனாள். அவர் தாளைத் தூக்கிப் பார்த்தார். முதலில் கேட்டது, "ஏன் இது எண்ணெய்?" பிறகு விடுவிக்கலாம் என்ற இடத்தைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான். எட்டையும் விடுவித்தார். எட்டும் நேற்றே செத்தவை. ஒவ்வொன்றாக அமத்தினார். எட்டுத் தரமும் செல்லாது, செல்லாது என்று திரை சொன்னது. செத்த வீட்டில் ஒவ்வொரு பிணமாகத் தட்டி எழுப்புகிற மனிதரை அன்றுதான் கண்டேன்.

"உம்மட கண்டுபிடிப்பு நல்லாத்தான் இருக்கு" என்று பிள்ளையை நக்கலடித்தார். "போய் அடிக்கிற வேலையைப் பாரும். பன்னிரண்டுக்கு நான் வாறன்."

பிள்ளை கண் கலங்கவில்லை. நேரே தொலைபேசிக்குப் போனாள். சேர் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்துக் கொழும்புக்கு எடுத்தாள். எனக்கு விளங்காத மொழி, பாதி சிங்களம், பாதி இங்கிலீசு. பிறகு சொன்னாள். மறித்தாயா என்று அவள் கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். நேற்று ஒன்பது மணிக்கு எங்கள் முகவரிக்கு என்ன வந்தது, நீ என்ன பதில் சொன்னாய் என்று உன் பதிவில் பார் என்று கேட்டிருக்கிறாள். தாளில் இருந்த பின்பாதியை எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறாள். அவன் தேடினான். பிறகு, "ஆ" என்றானாம். இரண்டு நாளாக நூற்று நாற்பது குடும்பம் நனைவதற்கு அவன் கொடுத்த விளக்கம் அந்த ஓர் எழுத்துத்தான்.

அந்தக் கடிதம் காவுகிற கொம்பனியின் பெயரை, எங்கள் ஒரு முகவரிக்கு மட்டும், காத்திருக்க வைக்காமலும் குப்பை என்று பிடிக்காமலும் விடச் சொன்னாள். வைரஸ் சோதனை வழமைபோல இருக்கட்டும் என்றும் சொன்னாள். அவன் சரி என்றான். ஆனால் செய்து, அது நடைமுறைக்கு வர, பன்னிரண்டரை ஆகிவிடும் என்றான். அதற்கு முதல் ஒன்றும் கேட்காதே, கேட்டால் அதுவும் பழைய மாதிரி மாட்டிக்கொள்ளும் என்றும் சொன்னான்.

பிள்ளை குசினிக்கு ஓடி வந்தாள். முகத்தில் வேர்வை.

"அன்ரி, பன்னிரண்டுக்கு சேர் அமத்தத் தொடங்கப் போறார். அரை மணித்தியாலம் அவரைப் பொத்தானில கை வைக்காமல் பாக்க வேணும். திரும்பவும் பூட்டுப்பட்டால் ரெண்டு மணிக்கு முதல் திறவாது."

"நீ சொல்லிப் பார் பிள்ளை."

"சொன்னால் கேப்பாரே?"

கேட்க மாட்டார். நானும் போய்ச் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அடுப்பில் நண்டுக் குழம்பு இருந்தது. காலையில் கடற்கரையில் நல்ல நண்டு கிடைத்திருந்தது, முருங்கையிலை போட்டு வைத்திருந்தேன். அந்த மனிதருக்கு நண்டென்றால் உயிர். சிறிய காலைக்கூட விடமாட்டார், ஒவ்வொன்றாக உடைத்து உறிஞ்சுவார். இரண்டு கையும் முழங்கை மட்டும் குழம்பு. அந்தக் கையால் கொம்பியூட்டரைத் தொட முடியாது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க, சோற்றுக் கோப்பையை அவருடைய சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"என்ன அம்மா, இண்டைக்கு வேளைக்கு?"

"நண்டு சேர்" என்றேன். குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தேன். "ஆறினால் நல்லாயிராது."

மணிக்கூட்டைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார். பொறுப்பான வேலை ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம். அவர் யோசிப்பதை நான் முதல் தரம் அன்றுதான் கண்டேன். நெடுநேரம் எடுக்கவில்லை. உட்கார்ந்தார்.

ஒரு காலை முடிக்க அடுத்த காலை வைத்தேன். ஓடு உடைக்கிற சத்தம் கந்தோர் முழுக்கக் கேட்டது. பன்னிரண்டு அடித்தது. "கை கழுவிப் போட்டு வாறன்" என்று எழும்பப் பார்த்தார். பெரிய சினை நண்டு ஒன்றைக் கோப்பையில் வைத்தேன். உட்கார்ந்தார். பன்னிரண்டே கால். "பிள்ளை என்ன செய்யுது?" என்று கேட்டார். "அடிக்கிற வேலை, சேர்" என்றேன். இருபது வருசமாக அந்நிய ஆம்பிளை ஒருத்தரோடு அவ்வளவு நேரம் நின்று கதைத்ததில்லை. கதைத்தது நாலே சொல்லுத்தான், ஆனாலும் கால் நோகவில்லை, வெட்கமும் வரவில்லை. இவ்வளவு மலிவான மனிதரிடமா வெட்கப்பட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பிள்ளை ஒரே ஒரு தரம் அமத்தினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கதவிடுக்கால் எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம் ஆகவில்லை, கடிதம் வந்துவிட்டது. ஒரு தரம் மட்டும் அமத்தினாள். கதவு திறந்தது.

ஆனால் தறப்பாள் மிச்சம் என்று உள்ளே எழுதியிருந்தது தொண்ணூற்று நாலு. இந்த இரண்டு நாளும் நாங்கள் பிணம் எழுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், கடிதம் ஒழுங்காகக் கிடைத்த வேறு ஆரோ மிச்சத்தைக் கேட்டு எடுத்துவிட்டார்கள். பிள்ளை தொண்ணூற்று நாலையும் கேட்டு அனுப்பினாள். அனுமதித் தாள் வந்தது, அச்சடித்தாள். அந்த நேரம் சேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"வந்திட்டுதோ? பாத்தீரே! நேற்று நான் கொழும்புக்காரனுக்குக் குடுத்த ஏச்சில எல்லாம் நேராயிட்டுது."

"தொண்ணூற்று நாலுதான் சேர் மிச்சம். நூற்று நாற்பது குடும்பம்."

"பரவாயில்லை. பதிவு வரிசையில முதல் தொண்ணூற்று நாலுக்குக் குடும்."

என் தங்கச்சி நூற்றுப் பதினெட்டாவது. பிள்ளைக்கு அது தெரியும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெயரை மேலே எடுத்திருப்பாள் போல. மேலே எடுத்தால் கீழே ஒருத்தி இறங்க வேண்டும், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கும். நான் சேருடைய எச்சில் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

பின்னேரம் சாரதி அனுமதித் தாளைக் கொண்டு வீதியைக் கடந்தார். அரை மணித்தியாலத்தில் லொறி நிறைந்துவிட்டது. மறுநாள் முகாமில் கொடுத்தார்கள். சேர் ஒவ்வொரு தறப்பாளையும் தானே கையால் கொடுத்துப் படம் எடுப்பித்தார். வெள்ளைச் சட்டை, மழைக்குக் குடை பிடிக்கச் சாரதி.

சனிக்கிழமை நான் போனேன். தங்கச்சியின் கொட்டில் வெறுமையாக இருந்தது. அவளும் பிள்ளைகளும் பக்கத்துக் கொட்டிலில், தறப்பாள் கிடைத்த ஒரு கிழவனும் கிழவியும் இருந்த இடத்தில் ஒதுங்கியிருந்தார்கள். ஆறு பேர். படுக்க இடம் போதாமல் அவளுடைய புருசன் பள்ளிக்கூட விறாந்தையில். கிழவி, "எங்களுக்கு ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிசு" என்றாள். தங்கச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

திங்கட்கிழமை சேர் அறிக்கை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை அடித்தாள். நான் மேசை துடைத்துக்கொண்டு நின்றேன்.

"தறப்பாள் தொண்ணூற்று நாலு. பயன்பெற்ற குடும்பம் நூற்று நாற்பது."

"எப்பிடி சேர்?"

"கிடைக்காத ஆக்கள் கிடைச்ச ஆக்களோட இருக்கினம்தானே. அப்ப எல்லாருக்கும் கிடைச்ச மாதிரித்தான். இந்த இணையத்தள முறை மிகவும் வசதியானது, எங்கட கிளை அதைத் திறமையாக் கையாண்டது எண்டும் போடும்."

சொல்லிவிட்டு வெளியில் போனார். பிள்ளை விரலை எழுத்துக்கு மேல் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"என்ன அன்ரி செய்ய? உங்கட தங்கச்சியையும் சேத்துத்தான் கணக்குச் சொல்லுறார்."

"அவளைப் போடாதே பிள்ளை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நூற்று முப்பத்தொன்பது என்று அடித்து, அச்சடித்து, கையெழுத்துக்கு வைத்தாள். சேர் வந்து, வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.